மரத்துப்போன விரல்

அந்த விளம்பர ஆபீஸில் மேலாளருக்கு 'மைக்கு' என்று பட்டப்பேர். யார் பேச எழுந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். போன தடவை ஒரு முதுகுவலி கிளினிக்கின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்காக, அங்கே விளம்பரம் எழுதுகிற அவள் எழுதிய ஸ்லைடுகளில் 'நான்' என்றிருந்ததையெல்லாம் அடித்து 'நீங்கள்' ஆக்கியது இந்த மகராசன்தான். 'நீங்கள் உட்காருவதே தப்பு. நீங்கள் எழுந்திருப்பதே தப்பு.' வலியோடு போனைத் திறந்தவனை முதல் ஸ்லைடிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அடுத்ததைத் தள்ளிப் பார்ப்பானா? 'நீ யாருய்யா சொல்றதுக்கு' என்று கமெண்டில் வறுத்தெடுத்துவிட்டார்கள். மைக்கு கூசாமல், "எல்லாம் இவங்க எழுதினதுதான்" என்று எல்லார் முன்னாலும் அவளைக் கைகாட்டினார். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

கிளினிக் டாக்டரம்மா கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. எழுதினவருக்கே குழுத் தலைமை.

அவள் புதிதாக எழுதினாள். தப்பையெல்லாம் 'நான்' மேல் போட்டாள். முதல் மூன்று ஸ்லைடும் அவளே பட்ட பாடு. 'குனிந்து வாஷிங் மெஷினை இழுத்தேன். வலியை ஒரு மாசம் மறைத்தேன். கால் விரல் மரத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.' தன் முட்டாள்தனத்தைத் தானே ஒத்துக்கொள்கிற ஆளை யாருக்கும் நம்பத் தோன்றும். நாலாவதிலிருந்து 'நீங்கள்', ஏனென்றால் இனிமேல் செய்யவேண்டியவர் படிக்கிறவர். 'எழும்போது நீங்கள் முதலில் ஒருக்களித்துப் படுங்கள். கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள்.' அங்கேயும் 'நான், நான்' என்றால் சுயபுராணம்தான்.

எந்த விரல் என்று மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை.

மறுநாள் முதல் ஸ்லைடில் 'என் கதை' என்று மைக்குவின் போட்டோ பல்லைக் காட்டியது.

"அக்கா, உங்க முதுகுவலியையே தூக்கிட்டுப் போயிட்டாரே! சும்மா இருக்கீங்க?" என்றாள் டிசைனர் பெண்.

"தூக்கட்டும்டி. எவ்வளவு கனம்னு அவருக்கும் தெரியட்டும்."

கூட்டத்தில் மைக்கு, கையில் மைக்கோடு, தழுதழுத்த குரலில் மூன்று ஸ்லைடையும் வாசித்தார். டாக்டரம்மா உருகிப்போனார். "பாவம் சார் நீங்க. எந்த விரல் மரத்துச்சு?"

"அது... எல்லா விரலும்தான்."

"எந்தக் கால்ல?"

"ரெண்டு கால்லயும்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "ரெண்டு காலும் மரத்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமே சார். அதோட எப்படி வீட்ல இருந்தீங்க?"

மைக்கு திருதிருவென்று விழித்து அவளைப் பார்த்தார். காப்பாற்று என்று கண் கெஞ்சியது. அவளுக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது.

"சொல்லுங்க சார்," என்றாள். "நீங்கதானே பட்டீங்க?"

டாக்டரம்மா ஸ்லைடைப் பார்த்தார், மைக்குவைப் பார்த்தார், கடைசியில் அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எந்த விரல்மா?"

"வலது கால் கட்டைவிரல், டாக்டர். இன்னைக்கும் செருப்பு கழண்டா எனக்குத் தெரியாது."

டாக்டரம்மா மேலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கி அவளிடம் நீட்டினார்.