அறுபத்தொரு நாளும் ஒரு நரம்பும்

ஜெகதீசனின் இடது காதுக்கு முன்னால் அந்தக் கட்டி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதலில் வேர்க்கடலை அளவு. பொன்னுக்கு வீங்கி என்று முடிவுகட்டி, அவன் மனைவி மங்கை தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். ஒரு வாரத்தில் வற்றிவிடும் என்றாள். வற்றவில்லை. சங்கிலி அவள் கழுத்துக்குத் திரும்பிப் போயிற்று, கட்டி அவனிடமே இருந்துவிட்டது. வலிக்காது. விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நழுவும். வலிக்காத ஒன்றுக்காக லீவு போடுகிற ஆள் காசிமேட்டில் யாரும் இல்லை.

அவன் விசைப்படகு டிரைவர். துறைமுகத்தில் யாருக்கு எந்த உடம்புக் கோளாறு வந்தாலும் ஒரே பதில்தான் இருந்தது: தடைக்காலத்தில் பார்த்துக்கலாம். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் அரசு தடை, படகு கடலுக்குப் போகாது. மூலம், குடலிறக்கம், கண்புரை, பல் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்காக வரிசையில் நிற்கும். ஆனால் தடை தொடங்கியதும் படகு கரையேறும், பலகை மாற்ற வேண்டும், எஞ்சின் இறக்க வேண்டும், வலை பின்ன வேண்டும். ஜெகதீசனின் கட்டி அப்படி ஐந்து தடைக்காலத்தை வரிசையிலேயே கழித்துவிட்டது. ஆறாவதற்குள் எலுமிச்சம்பழம் அளவாகி, காது மடலைக் கீழிருந்து தூக்கிப் பிடித்தது.

பிப்ரவரியில் மங்கை அவனை இழுக்காத குறையாக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டர் ஷெர்லின். அவருடைய அப்பாவுக்கு யானைக்கவுனியில் இரும்புச் சாமான் கடை. பேச்சிலும் அந்தக் கடைக்காரக் கறார்தனம் இருந்தது, எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"புருவத்தைத் தூக்குங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. பல்லைக் காட்டுங்க. இப்போ விசில் அடிங்க."

ஜெகதீசன் அடித்தான். நடையில் போன நர்ஸ் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நரம்புக்கு இன்னும் ஒண்ணும் ஆகல," என்றார் டாக்டர்.

மெல்லிய ஊசியில் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது.

"கேன்சரா மேடம்?" மங்கைதான் கேட்டாள். ஜெகதீசன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல. உமிழ்நீர் சுரப்பியில வர்ற கட்டி. இந்தச் சுரப்பியில வர்றதுல பத்துக்கு எட்டு சாதுதான். செல் எல்லாம் மெதுவா பெருகும், ஆனா தன் உறைக்குள்ளயே இருக்கும். பக்கத்துல இருக்கிறதைத் தள்ளும், உள்ள புகுந்து தின்னாது. தின்னுற வகையா இருந்தா வலிச்சிருக்கும், மளமளன்னு பெருத்திருக்கும், வாய் தன்னால கோணியிருக்கும்."

"சாதுன்னா விட்டுடலாமே," என்றான் ஜெகதீசன்.

"ஆறு வருஷம் விட்டீங்களே. இன்னும் பத்து வருஷம் விட்டா, சிலருக்கு அதே கட்டி கெட்ட வகையா மாறும். மாறலைன்னாலும் பெருசாகும். பெருசாக ஆக நரம்பைக் காப்பாத்துறது கஷ்டம்."

அவர் தன் இடது கையை விரித்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். மணிக்கட்டு காதுக்குக் கீழே. ஐந்து விரல்கள் நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்தை நோக்கி. "முக நரம்பு இப்படித்தான் சுரப்பிக்குள்ள நுழைஞ்சு பிரியுது. உங்க கட்டி இதுக்கு மேல உக்காந்திருக்கு. முதல்ல நரம்போட அடித்தண்டைத் தேடிப் பிடிப்பேன். அப்புறம் ஒவ்வொரு கிளையா பிரிச்சு, கட்டியைச் சுத்தி நல்ல சதையோட எடுப்பேன்."

"கல்மண்டபத்துல ஒரு டாக்டர் மரத்துப்போற ஊசி போட்டு அரை மணி நேரத்துல பிதுக்கி எடுத்துடுவாராம்," என்றான் ஜெகதீசன்.

"எடுப்பார். உறையில கண்ணுக்குத் தெரியாத மொட்டுங்க இருக்கும். பிதுக்கினா அதெல்லாம் உள்ளயே நிக்கும். சில வருஷம் கழிச்சு ஒண்ணு பத்தா வரும். அப்ப நரம்பைத் தேடி நான் தழும்புக்குள்ள கத்தி விடணும்."

ஜெகதீசன் கட்டியைத் தடவிப் பார்த்தான். "வாய் கோணுமா?"

"மூணு நாலு பேர்ல ஒருத்தருக்குக் கொஞ்ச நாள் தளரும். நிரந்தரமா போறது நூத்துல ரெண்டு மூணு. கட்டி பெருசுங்கறதால தளர்றதுக்கு உங்களுக்கு வாய்ப்பு கூட."

"கொஞ்ச நாள்னா?"

"வாரக்கணக்கும் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம்."

தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். இரண்டு மாதத்தில் ஒன்றும் குடி முழுகாது என்றார் டாக்டர். அறுபத்தொரு நாள் போதும் என்று ஜெகதீசன் கணக்குப் போட்டான். அதை அவர் சொல்லவில்லை, அவனாகப் போட்ட கணக்கு.

ஏப்ரல் இருபதாம் தேதி அறுவை சிகிச்சை. நாலு மணி நேரம் பிடித்தது. கட்டி முழுசாக வந்தது. நரம்பின் ஒரு கிளைகூட அறுபடவில்லை. ஆனால் கட்டியின் முதுகில் கண்ணுக்கும் உதட்டுக்கும் போகிற கிளைகள் நாடா மாதிரி இழுபட்டுப் படர்ந்திருந்தன. அவற்றை உரித்தெடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் டாக்டர் பல்லைக் காட்டச் சொன்னபோது வலது பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது. இடது கண் முக்கால்வாசிதான் மூடியது. காது மடல் செத்த தோல் போல மரத்திருந்தது.

"கிளை எல்லாம் முழுசா இருக்கு. கடைசியில மின்சாரம் தொட்டுப் பார்த்தேன், லேசா துடிச்சுது. திரும்பி வரும்," என்றார்.

"எப்போ?"

"அதுக்குத் தேதி கிடையாது."

தையல் பிரித்த நாளில் ஆய்வுக்கூட அறிக்கையும் வந்தது. சாதுக் கட்டி, வெட்டிய ஓரத்தில் மிச்சம் எதுவும் இல்லை. மங்கை அன்றைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்தாள். ஜெகதீசன் சாப்பிடும்போது ரசம் இடது கடைவாயில் வழிந்தது. துடைத்துக்கொண்டான். மறுபடி வழிந்தது. தட்டைத் தள்ளி வைத்தான்.

மே மாதம் முழுக்க அவன் ஓரிடத்தில் உட்காரவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விடுவான், படுக்கும்போது பிளாஸ்திரி ஒட்டுவான், எழுந்ததும் கண்ணாடி முன்னால் நிற்பான். பிறகு படகுக்கு நடப்பான், படகிலிருந்து திருவொற்றியூர் வரை நடப்பான், திரும்பி வந்து மறுபடி கண்ணாடி.

"கண்ணாடி தேஞ்சிடப் போவுதுயா," என்றாள் மங்கை. "வாய் அப்டியே தான் கீது. எத்தினி தபா பார்த்தாலும்."

"நேத்திக்கு இன்னிக்கு கொஞ்சம் ஆடுது."

"ஆடுனா ஆடட்டும். நீ இன்னாத்துக்கு ஆடுற?"

அவளுக்குத் தெரியும் எதற்கென்று. அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. தடை முடிந்த முதல் நாள் எவன் படகை வெளியே எடுக்கிறானோ, அவன்தான் அடுத்த தடை வரைக்கும் அந்தப் படகுக்கு டிரைவர். முதலாளியே நடுவில் மாற்ற மாட்டார், ராசி கெட்டுவிடும் என்று பயம். ஜூன் பதினைந்தை விட்டால் ஒரு வருஷம் ஜெகதீசனுக்கு ஸ்டீயரிங் கிடையாது.

ஓட்டுவதற்கு உதடு எதற்கு என்று கேட்கலாம். படகின் பின்பக்கம் வலை இழுக்கிற வின்ச் இருக்கும். எஞ்சின் இரைச்சலில் அங்கே மனுஷக் குரல் போகாது. ஜெகதீசன் கேபினிலிருந்து சீழ்க்கை அடிப்பான். நீளமாக ஒன்று என்றால் இழு. வெடுக்கென்று இரண்டு என்றால் நிறுத்து. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும், வாய்தான் வேலை செய்யும். பன்னிரண்டு வருஷமாக அந்த இரண்டாவது சீழ்க்கையை நம்பித்தான் அவனுடைய ஆட்கள் ஓடுகிற இரும்புக் கயிற்றுப் பக்கத்தில் கை வைத்தார்கள்.

வின்ச் போடுகிற அன்பரசன் கடையில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கி வந்தான். மஞ்சள் நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு.

"ரெஃப்ரி மாதிரி கீற நைனா. யாருக்காவது அவுட்டு குடு."

"ரெஃப்ரி அவுட்டு குடுக்க மாட்டான்டா, பேமானி."

ஊதிப் பார்த்தான். பல்லில் கடித்தால் நின்றது, ஆனால் இடது உதடு மூடாததால் காற்று பாதி பக்கவாட்டில் கசிந்தது. விரலால் கடைவாயை அழுத்திக்கொண்டு ஊதினால் சத்தம் வந்தது. போதும் என்றான் ஜெகதீசன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி காலை படகைத் தண்ணீரில் விட்டு, ஜெட்டி மேடையில் கட்டியபடியே எஞ்சினையும் வின்ச்சையும் ஓட்டிப் பார்த்தார்கள். புது இரும்புக் கயிற்றை உருளையில் சுற்ற வேண்டும். அன்பரசன் நெம்புகோலில். கயிறு வரிசையாக ஏறுகிறதா என்று வலை ஆள் சாலமோன் கையுறை போட்ட கையால் வழிகாட்டினான். ஜெகதீசன் கேபினில், விசிலைப் பல்லில் கடித்தபடி, பின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கயிறு ஒரு சுற்றின் மேல் இன்னொன்றாக ஏறி நழுவியது. சாலமோன் அதைத் தள்ளக் கை நீட்டினான். கயிற்றின் பிசிர் அவன் கையுறையில் மாட்டியது. அன்பரசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெகதீசன் ஊதினான். காற்றுதான் வந்தது. கடைவாயை அழுத்தக் கையைத் தூக்கினான், அதற்குள் விசில் தளர்ந்த உதட்டிலிருந்து நழுவி நெஞ்சில் தொங்கியது. கத்தினான். எஞ்சின் அதை விழுங்கிற்று. சாலமோனின் கை உருளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜெகதீசன் குனிந்து எஞ்சினை நிறுத்துகிற கம்பியைப் பிடித்து இழுத்தான்.

எல்லாம் நின்றது. சாலமோன் கையை உருவிக்கொண்டான். கையுறை மட்டும் உருளையில் தட்டையாக ஒட்டியிருந்தது. அவன் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

"கீதாடா?" என்றான் அன்பரசன்.

"கீது. அஞ்சும் கீது." சாலமோன் கேபின் பக்கம் நிமிர்ந்தான். "விசில் அடிக்கலையா நைனா?"

ஜெகதீசன் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினான். ஜெட்டியில் கட்டியிருந்ததால் எஞ்சினை அணைக்க முடிந்தது. நடுக்கடலில், வலை தண்ணீருக்குள் இருக்கும்போது எஞ்சினை அணைத்தால் வலை படகின் அடி விசிறியில் சுற்றும், அலை படகைக் குறுக்கே திருப்பும். அங்கே அவனுக்கு இழுக்கக் கம்பி கிடையாது.

அன்பரசன் கேபினுக்கு ஏறி வந்தான். "கயிறு புச்சு நைனா. அதான் வழுக்கிச்சு. நாளான்னிக்கு நான் கண்ணை எடுக்க மாட்டேன்."

"நாளான்னிக்கு நீ ஓட்டு."

"இன்னாது?"

"உனுக்கு விசில் வரும்ல. ஓட்டு. முதலாளி கைல நான் சொல்லிக்கிறேன்."

"ஒரு வருசம் நைனா."

"எனுக்கு எண்ணத் தெரியும்டா."

அன்பரசன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆசை ஒரு நொடி வந்து போனதை ஜெகதீசன் கவனித்தான். கோபம் வரவில்லை. அவன் இடத்தில் தானும் அப்படித்தான் பார்த்திருப்பான் என்று தோன்றியது.

வீட்டில் சொன்னபோது மங்கை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "முதலாளி வலையாண்டயாவது வேலை குடுப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணு மூடுற வரைக்கும் கடல் காத்து ஆவாதுன்னு டாக்டர் சொல்லிகீது."

"அப்போ கரைல இரு. ஐஸ் உடை. நான் ஏலத்துல எடுக்கற மீனுக்குக் கூடை தூக்கு."

ஜூன் பதினைந்து விடிந்ததும் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் ஒன்றாகக் கிளம்பின. அன்பரசன் கேபினில் நின்று நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான், கீழே பார்க்கவில்லை. சாலமோன் மட்டும் கை ஆட்டினான். ஜெகதீசன் ஜெட்டிக் கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தான். கிழக்கிலிருந்து காற்று அடித்தது, மூடாத கண்ணில் நீர் கோத்தது. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மங்கை ஏலத்துக்கு இறக்கி வைத்திருந்த காலிக் கூடைகளை எடுக்கப் போனான்.