குறுக்கே நின்ற கைப்பிடி

ஒரே வாரத்தில் பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மழலையர் பள்ளியில் பழி போட வேறு இடம் கிடைக்காதபோது எல்லாருடைய பார்வையும் சமையலறைப் பக்கம்தான் திரும்பும். சமையற்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள்.

தலைமையாசிரியை பரிசோதனைக்கூடத்துத் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"மொட்டைமாடியில மூணு தொட்டியிலயும் மூடியத் திறந்து தண்ணி எடுத்துருக்காங்க. பிள்ளைங்க குடிக்கிற ஸ்டீல் தொட்டி சுத்தமா இருக்கு. கை கழுவுற பிளாஸ்டிக் தொட்டியில பாசி இருக்கு, கிருமி இல்ல. கான்கிரீட் தொட்டியிலதான் கிருமி. ஆனா அது கக்கூஸுக்குப் போற தண்ணி. அப்போ மிச்சம் இருக்குறது என்ன?"

"நான்தானாம்மா மிச்சம்?"

"திங்கக்கிழமைக்குள்ள வேற காரணம் இருந்தா சொல்லு."

நாலு வருட வேலை. இன்னும் மூன்று நாள். சோறும் குழம்பும் அடுப்பில் கொதித்து இறங்குபவை. கொதித்ததில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? பிள்ளைகள் கொதிக்க வைக்காமல் வாயில் வைப்பது குழாய்த் தண்ணீர் ஒன்றைத்தான். மாடியில் தொட்டி வைத்து அந்தக் குழாய்களைப் போட்டவன் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். அண்ணன் தம்பிக்குள் பிளவு வரக்கூடாதென்று அவள் எத்தனையோ விஷயத்தை விழுங்கியிருக்கிறாள். இதை மட்டும் விழுங்க முடியாது.

உடனே அவனைக் கூப்பிட்டு மாடிக்கு ஏற்றினாள்.

முதலில் பிளாஸ்டிக் தொட்டி. மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு, வெளிச்சம் புகாதபடி சேலைத் தலைப்பால் தொட்டியின் வாயைச் சுற்றி மறைத்தாள். உள்ளே இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்? வெயிலில் பிடித்த வெற்றிலை மாதிரி சுவரெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது.

"வெளிச்சம் உள்ள வருது தம்பி. அதான் பாசி. தடியா மூணு அடுக்குத் தொட்டின்னு சொன்னீங்களே?"

"அடுக்கு எண்ணிப் பாத்தா வாங்குறாங்க? கை கழுவத்தானே அண்ணி. வெயில்ல கிடந்தா எந்தப் பிளாஸ்டிக்கும் பத்துப் பதினஞ்சு வருஷந்தான். கான்கிரீட்டைப் பாருங்க, ஒழுங்காப் பராமரிச்சா நாப்பது வருஷம் நிக்கும்."

"பராமரிச்சா."

கான்கிரீட் தொட்டியின் மேல்தளத்தில் விரல் நுழையும் வெடிப்பு. சுற்றிலும் புறா எச்சம். மழை பெய்தால் கழுவிக்கொண்டு எங்கே போகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இது கக்கூஸுக்குத்தான் அண்ணி," என்றான், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டீல் தொட்டியைச் சுற்றி வந்தாள். பளபளவென்றுதான் இருந்தது. பாதி உயரத்தில், பற்றவைத்த கோட்டோரம் மட்டும் செம்புள்ளிகள். அதன்மேல் கட்டைவிரல் அளவு சாம்பல்நிறப் பூச்சு.

"இது என்ன? முப்பது வருஷம் அசையாதுன்னீங்க."

"நல்ல ரகந்தான் அண்ணி. இந்த ஊர்த் தண்ணியில உப்பு ஜாஸ்தி. பத்தவச்ச இடத்தை அரிச்சுடுச்சு. சின்ன ஓட்டை, அடைச்சிட்டேன்."

"எப்போ?"

அவன் வானத்தைப் பார்த்தான்.

அவள் தரையைப் பார்த்தாள். தொட்டியின் அடியில் வால்வு. அதன் சிவப்புக் கைப்பிடி குழாயோடு ஒட்டிப் படுத்திருக்கவில்லை, குறுக்கே நின்றது. சமையலறைக் குழாயைத் தினமும் திறந்து மூடும் கைக்கு அது தெரியாதா? குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

கைப்பிடிச்சுவரில் சாய்ந்து கீழே காவல்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே! பிள்ளைங்க குடிக்கிற குழாயைத் திறங்க! தண்ணி வருதா?"

"ஜோரா வருதும்மா! ஒரு குடம் பிடிக்கவா?"

"வேண்டாம், அப்படியே விடுங்க!"

ஸ்டீல் தொட்டியின் வால்வு மூடிக் கிடக்கிறது. குடிக்கிற குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. அவள் பழைய குழாய்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் முழங்கை போல வளைந்த புதுக் குழாய், ஓரத்தில் பசை வழிந்த தடம். அது கான்கிரீட் தொட்டியிலிருந்து வந்து குடிக்கிற குழாயில் சேர்ந்தது. அங்கிருந்த கைப்பிடியைத் திருப்பினாள்.

"நின்னு போச்சும்மா!" என்றது கீழேயிருந்து குரல்.

கொழுந்தன் சுவரோரம் குந்திவிட்டான்.

"அடைச்ச பூச்சு காயுற வரைக்கும் ரெண்டே நாளுக்குத்தான் மாத்தி விட்டேன் அண்ணி. பத்தவைக்கிறவன் இன்னைக்கு வரேன், நாளைக்கு வரேன்னான். ஸ்டீல் ஓட்டையாயிடுச்சுன்னு தெரிஞ்சா அடுத்த வேலை யார் கொடுப்பா? அப்படியே மறந்து போச்சு."

"பதினோரு பிள்ளைங்க படுத்தப்பவும் மறந்து போச்சா?"

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி," என்றான்.

அவளுக்கு அழுகைதான் வந்தது. இவனுக்குச் சோறு போட்ட கை இது. இதே கையைத்தானே இத்தனை நாளும் அழுக்கென்றார்கள்! இவனும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்.

"அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்," என்று தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "பெரிய டீச்சரம்மாவ மேல கூட்டிட்டு வரேன். அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் எந்தக் கைப்பிடியையும் தொடக் கூடாது. அது நிக்கிற மாதிரியே நிக்கட்டும்."

படியிறங்கப் போனவள், பாதியில் திரும்பி அந்தச் சிவப்புக் கைப்பிடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்; அது குறுக்கேதான் நின்றது.