நெற்றியில் வழிந்த எண்ணெய்

எட்டு வாரம் களிம்பு தடவியும் அவளுடைய பருக்கள் அசைந்து கொடுக்கவில்லை. இன்றும் குறையாவிட்டால் வலுவான மாத்திரைதான் என்று தோல் டாக்டர் போன முறையே சொல்லியிருந்தார். மாத்திரையென்றால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஊசியைக் கண்டாலே தலை சுற்றி விழுகிறவள் அவள்.

"முடி ஓரமா, நெத்தில, முதுகுல," என்று டாக்டர் பார்த்துக்கொண்டே சொன்னார். "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறீங்களா?"

"சனிக்கிழமை தவறாம. ஆனா அம்மாவை முகத்துல தடவ விடறதில்ல டாக்டர்."

"என்ன எண்ணெய்?"

"முன்னாடி நல்லெண்ணெய். பரு சூட்டுல வருதுன்னு அம்மா தேங்காய் எண்ணெய்க்கு மாத்தினாங்க. இன்னும் அதிகமாச்சு. அதனால ஒரு மணி நேரம் ஊற வெச்சது ரெண்டு மணி நேரமாச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "குளிக்கும்போது எதை முதல்ல கழுவுவீங்க?"

"முகத்தை. நல்லா சோப்பு போட்டு. அப்புறம்தான் தலை." இந்த ஒழுங்கில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையே உண்டு.

"தலையை அலசுற தண்ணி எங்க போகுது?"

அவள் கை தானாக நெற்றிக்குப் போனது. தலை எண்ணெய் வாரந்தோறும் கழுவிய முகத்தின் மேலேயே வழிந்து, எட்டு வாரக் களிம்பையும் வீணாக்கியிருக்கிறது.

"தேங்காய் எண்ணெய் தோல் துவாரத்தை இன்னும் அடைக்கும். நல்லெண்ணெயும் முகத்துக்கும் முதுகுக்கும் வேண்டாம். உங்க தோலுக்கு அது தானா சுரக்கிற எண்ணெயே போதும். தலைக்கு வேணும்னா கொஞ்சமா நல்லெண்ணெய், அரை மணி நேரம். முன்னால குனிஞ்சு அலசுங்க. முகமும் முதுகும் கடைசியில. மாத்திரையை ஆறு வாரம் தள்ளி வைக்கலாம்."

சனிக்கிழமை அம்மா கிண்ணத்தோடு வந்தாள்.

"உச்சி மட்டும் போதும்மா. எண்ணெயாலதான் பருன்னு டாக்டர் சொன்னார்."

"உச்சி மட்டும்னா? நான் என்ன பொட்டா வைக்கிறேன்?"

அம்மாவின் விரல்கள் உச்சியிலிருந்து நெற்றிப்பொட்டுக்கும், அங்கிருந்து கன்னத்துக்கும் இறங்கின. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கன்னம் வேண்டாம்னு சொன்னேன்ல."

"கை தானா போகுதுடி. அப்ப இவ்வளவு நாளா நான்தான் உன் முகத்தைக் கெடுத்தேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லை என்பது முழு உண்மையில்லை. அவள் தயங்கிய அந்த நொடியே அம்மாவுக்குப் போதுமானதாயிருந்தது.

"நீயே தேய்ச்சுக்கோ. டாக்டர் வீட்டுக்கே போய்க் குளி."

அவளே தேய்த்துக்கொண்டாள். குனிந்து அலசினாள். ஷாம்பூ கண்ணில் இறங்கியது. முகத்தைக் கழுவினாள். முதுகின் நடுவுக்குத்தான் எந்தக் கையும் எட்டவில்லை.

"அம்மா, முதுகு," என்று கதவிடுக்கில் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட வெட்கமாக இருந்தது, ஆனாலும் கூப்பிட்டாள்.

அம்மா வந்தாள். முதுகில் சோப்பைத் தேவைக்கு மேலே அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவாம்மா. அழுத்தினா பரு உடைஞ்சிடும்."

"இதுக்கும் சட்டம் போட்டுட்டாரா அந்த டாக்டர்?"

"ஆமா."

அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு விரல் நுனியால் மட்டும், எரிச்சலோடு, சோப்பைப் பரப்பத் தொடங்கினாள்.