மேல்மாடி மூலை ஜன்னல்

கட்டிட வடிவமைப்பு அலுவலகத்தில் வீட்டின் வெளித்தோற்றப் படங்களைச் செய்பவள் அவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். கோட்டுப்படத்தைப் படம் வரையும் ஏ.ஐ. மென்பொருளில் ஏற்றி, எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று பிராம்ப்ட் எழுதிக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் வீடு தயாராகிவிடும்.

அன்று எழுதியது இது: இரண்டு மாடி நவீன வீடு, பூச்சில்லாத கான்கிரீட் சுவர், தேக்குப் பட்டைகள், கறுப்புச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல்கள். சரளைக்கல் பாதை, இரு பக்கமும் உயரமான புல். பொழுது சாய்ந்த நேரம், உள்ளே மஞ்சள் விளக்கு.

படம் அழகாக வந்தது. அவசரத்தில் அப்படியே, வீடு கட்டுகிறவரின் போனுக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வீட்டுக்காரர் போன் செய்தார். "மேல்மாடி மூலை ஜன்னல்ல யாரும்மா அது?"

பெரிதாக்கிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண்ணின் நிழலுருவம். ஒரு கை கண்ணாடியில். முகமே இல்லை.

"நான் ஆள் கேட்கவே இல்ல சார். சில சமயம் அதுவா போட்டுடும். எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க. அந்த ரூம் எங்க பொண்ணுக்காகச் சொன்னது. எட்டு மாசம் ஆச்சு, அவ தவறிப்போய். வீட்டுல அவங்க நேத்துலேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டே போனைக் கீழ வைக்கல."

மற்றதைத் தொடாமல், 'ஆட்கள் வேண்டாம்' என்று மட்டும் சேர்த்தாள். நிழல் போயிற்று. விளக்கு மட்டும் எரிந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன அறைபோல் இருந்தது. முதல் படமே தேவலை. இதை அனுப்ப மனசு வரவில்லை.

அந்திப் பொழுதை அடித்துவிட்டு, 'காலை எட்டு மணி வெயில், கண்ணாடியில் வானத்தின் பிரதிபலிப்பு' என்று எழுதினாள். ஜன்னல்கள் எல்லாம் மேகமாகிவிட்டன.

கையெழுத்துப் போடத் தம்பதி வந்தார்கள். வீட்டுக்காரர் அச்செடுத்த பெரிய படத்தைப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்று காரை எடுக்கப் போனார். அந்த அம்மா மட்டும் நின்றாள்.

"உள்ள ஒண்ணும் தெரியலையே கண்ணு."

"வெளியே வெளிச்சம் அதிகமா இருந்தா கண்ணாடி உள்ளே இருக்கறதைக் காட்டாதும்மா."

"அப்போ உள்ள ஆள் இருந்தாலும் தெரியாது."

"தெரியாதும்மா," என்றாள்.

அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல அனுப்பினியே, அதைச் சின்னதா ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு. அவர்கிட்ட சொல்லாதே."

செய்வது சரியா தப்பா என்று யோசிக்க நேரமில்லை. எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதை இரண்டாக மடித்தாள்; மடிப்பு ஜன்னலில் விழாதபடி பார்த்து மடித்துக் கைப்பையில் வைத்தாள். பெரிய படத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு காருக்குப் போனாள்.