நடுவில் நின்றவள்

நீதிமன்ற வாசலில் அவளைப் பார்த்ததும், வழக்குச் செய்தி எழுதும் அக்கா நின்றுவிட்டாள். போலி மருந்து வழக்கில் மூன்று பேரைப் போலீஸ் பிடித்த அன்று படத்தோடு செய்தி வந்ததே, அதில் மருந்துக்கடை முதலாளிக்கும் மேலாளருக்கும் நடுவில் துப்பட்டாவால் பாதி முகம் மூடி நின்ற விற்பனைப் பெண் இவள்தான்.

"என்னை விட்டுட்டாங்கக்கா. அதையும் போடுவீங்களா? வேற மருந்துக்கடைல வேலை கேட்டிருக்கேன். அந்தக் கடைக்காரர் நாளைக்குப் பேப்பரைப் பாத்துட்டுச் சொல்றேன்னிருக்கார்."

"எழுதுறேம்மா."

எழுதினாள். பெண்ணுக்கு எதிராக ஆதாரம் இல்லையென்று நீதிபதி அவளை வழக்கிலிருந்து விடுவித்தார், மற்ற இருவர் மீது குற்றச்சாட்டு பதிவானது, இருவரும் மறுத்தார்கள், சாட்சி விசாரணை இனிமேல்தான்.

சாயங்காலம் பக்கம் தயாரானபோது எட்டிப் பார்த்தாள். 'போலி மருந்து விற்ற இருவர் மீது குற்றச்சாட்டு' என்று தலைப்பு. கீழே பழைய படம், மூவரும் அப்படியே.

"தம்பி, வித்தாங்கன்னு யாருப்பா சொன்னது?"

"ஜட்ஜே குற்றச்சாட்டு பதிஞ்சிட்டாரே!" என்றான் பக்கம் அமைக்கும் உதவி ஆசிரியன்.

"வழக்கு நடத்த முகாந்திரம் இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். இப்போதைக்கு அவங்க குற்றம் சாட்டப்பட்டவங்க. விசாரிச்சுத் தீர்ப்பு வந்து, குற்றம் உறுதியானாத்தான் குற்றவாளி. அதுக்குள்ள நீ தீர்ப்பு எழுதிட்டா அந்த ஜட்ஜ் வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

அவன் சிரித்துக்கொண்டே 'விற்றதாக' என்று மாற்றினான்.

"படம்?"

"அந்தம்மாவ வெட்டிடலாம்னா நடுவுல நிக்கிறாங்களேக்கா. வெறும் கோர்ட்டுக் கட்டடத்தப் போட்டா எவன் படிப்பான்?"

"பிடிச்ச அன்னைக்கு அவ முகத்தை ஊரெல்லாம் படிச்சுதே, போதாதா? படமே வேணாம். அவளை விடுவிச்சதைத் தலைப்புல கொண்டு வா. அன்னைக்குப் போட்ட அதே இடத்துல, அதே அளவுல."

அவன் தலையைச் சொறிந்தான். "ஆசிரியர் என்னை வறுத்தெடுப்பார்."

"எண்ணெய் நான் ஊத்துறேன், வா."

ஆசிரியர் செய்தியை முழுசாகப் படித்தார். முணுமுணுத்தார். படத்தை எடுத்துவிட்டு, பெண்ணை விடுவித்ததைத் தலைப்பில் ஏற்றினார்.

காலையில் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தக் கடைக்காரர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வரிவரியாப் படிச்சார். என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. 'மத்த ரெண்டு பேரும் திருடனுங்கதானே?'ன்னார்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கும் ஆத்திரம் இருக்கேக்கா, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா 'கேஸ் இன்னும் முடியல சார், எப்படிச் சொல்றது?'ன்னுட்டேன்."

"அப்புறம்?"

"பேப்பரை மடிச்சு வச்சார். உள்ள போய் மருந்தை அடுக்கும்மான்னுட்டார். அக்கா, வச்சிடுறேன், ஆள் நிக்கிறாங்க."