ஐம்பத்திரண்டு விநாடிகள்

அந்தப் பெண் மைக்ரோவேவ் அடுப்பைத் துணியில் கட்டி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எங்கள் ரிப்பேர் கடைப் படியேறினாள். அண்ணன் ஓடிப்போய் வாங்கி மேஜையில் வைத்தார். அவளுக்கு முப்பது வயது இருக்கும். தையல் வேலை செய்கிறவள் என்பது ஊசி குத்திய விரல் நுனியிலேயே தெரிந்தது.

"ரிப்பேரா அம்மா?" என்று கேட்டார் அண்ணன்.

"ரிப்பேர் பண்ண வேணாம் சார். இதுல எதைத் தொட்டா ஆள் செத்துப்போவாங்கன்னு காட்டுங்க."

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்தவளைப்போல் சொல்லி முடித்தாள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் சுட வைத்தபோது மைக்ரோவேவ் நின்றுவிட்டது. பிளக்கை உருவி, நாங்கள் இணையத்தில் போட்டிருந்த ரிப்பேர் வீடியோவைப் பார்த்துக்கொண்டே பியூஸ் மாற்ற உட்கார்ந்தார். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"வீடியோல சொன்ன மூணு ஸ்க்ரூடிரைவரும் பேப்பர் மேல வரிசையா இருந்துச்சு சார். புது பியூஸ் கவர்கூடப் பிரிக்கல. எங்க மாமனார், வேலை தெரியாம கையை வெச்சுச் செத்தான் முட்டாப்பயன்னு ஊர் முழுக்கச் சொல்றாரு. அவரு அப்படி இல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்யற மனுஷன்."

அண்ணன் கைகழுவப் போகிறவரைப்போல உள்ளே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பிளாஸ்டிக் பிடிபோட்ட கம்பியை எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே அடியில் இருந்த தகர டப்பா போன்ற கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் தொட்டு, மிச்ச மின்சாரத்தை வடித்தார். பிறகுதான் மீட்டரை வைத்தார். நெடுநேரம் முள்ளைப் பார்த்தார்.

"இதுதாம்மா. பிளக்கை உருவினாலும் இது உள்ள கரண்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். கொல்ற அளவுக்கு. அதைத் தானா வடிச்சுவிட உள்ளயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இதுல அது அறுந்துபோச்சு. வெளிய இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. ஒரு கை இதுல பட்டு, இன்னொரு கை இந்தத் தகரத்தைப் பிடிச்சிருந்தா கரண்டு நெஞ்சு வழியாத்தான் போகும்."

"அப்போ அவரு மேல தப்பு இல்லையா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் வீடியோல சொல்லியிருந்தேனேம்மா. இதை வீட்ல திறக்கவே திறக்காதீங்கன்னு தலையில அடிச்ச மாதிரி சொன்னேனே. அதைக் கேட்டிருந்தா…"

"நீங்க சொல்லல சார்."

"சொன்னேன்மா. மூடியைக் கழட்டறதுக்கு முன்னாடி."

"நான் பதினோரு தடவை பார்த்தேன் சார். நீங்க சொல்லல."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். அவர் தன் வீடியோவைத் தானே பார்க்க மாட்டார். தன் முகத்தைப் பார்க்கக் கூச்சம். எடுப்பது, வெட்டுவது, தலைப்பு வைப்பது, ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. "பாப்பா பாத்துக்குவா" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

வீடியோவை எந்த இடத்தில் ஆட்கள் மூடிவிட்டுப் போகிறார்கள் என்று கோடுபோட்டுக் காட்டும் படம் ஒன்று உண்டு. அண்ணன் எச்சரிக்கை சொல்லத் தொடங்கினாலே அந்தக் கோடு சரிந்துவிடும். முந்தைய நாலு வீடியோக்களில் அப்படித்தான் சரிந்தது. அதனால் இந்த முறை ஏற்றுவதற்கு முன்பே எச்சரிக்கையை வெட்டினேன். 'எளிது, பத்தே நிமிடம்' என்று பட்டையும் ஒட்டினேன். பத்து நிமிடம் என்பது இருபத்திரண்டு வருடமாக ரிப்பேர் செய்து பழகிய அண்ணன் கைக்கு ஆன நேரம்.

"நான்தான் எடுத்துட்டேன் அண்ணா," என்றேன்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்திலிருந்த முக்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது வேறு. "வெட்டினதை வெச்சிருக்கீங்களா? பார்க்கணும்."

கணினியைத் திறந்து அந்தத் துண்டைத் தேடினேன். இரண்டு முறை தவறான கோப்பு திறந்தது. பிறகு அண்ணனின் முகம் வந்தது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. பிளக்கை உருவிட்டோம், இனி பயமில்லைன்னு நினைச்சீங்கன்னா ஏமாந்துடுவீங்க. நான் எப்படிப் பண்றேன்னு பாருங்க, ஆனா நீங்க பண்ணாதீங்க. இது கஷ்டமான வேலைகூட இல்ல, ஆபத்தான வேலை. வீட்ல உங்களால பண்ண முடிஞ்சது, பிளக் பாயிண்ட்ல கரண்டு வருதான்னு வேற சாமான் சொருகிப் பார்க்கிறது. கதவு ஒழுங்கா மூடுதான்னு பார்க்கிறது. அதுக்கு மேல போனா, நம்பிக்கையான ஆள்கிட்ட தூக்கிட்டுப் போங்க. வீட்ல உங்களை நம்பி ஆள் இருக்கு."

ஐம்பத்திரண்டு விநாடி. அவள் அசையாமல் பார்த்தாள். "மறுபடி போடுங்க," என்றாள். போட்டேன். மூன்றாவது முறை அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"இதைக் கேட்டிருந்தா அன்னிக்கே இங்க தூக்கிட்டு வந்திருப்பாரு," என்றாள் அவள். அழவில்லை. "சரி, பால் அடுப்புல சுட வெச்சுக்கலாம்னு என்கிட்ட சொல்லியிருப்பாரு." அப்போதுதான் உடைந்தாள். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. போகும்போது அந்தத் துண்டைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். மாமனாருக்குக் காட்டுவதற்காம். மைக்ரோவேவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மாலை கடையைச் சாத்தும்போது அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

நான் ஷட்டரைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தேன்.

அந்த வீடியோவை அன்றே நீக்கினோம். மீதி அறுபத்தொன்றையும் அண்ணன் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார். நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். ஒன்பதை அடியோடு எடுக்கச் சொன்னார். மற்றவற்றில் ஆபத்து எது, எந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட வேண்டும், என்னென்ன கருவி வேண்டும், எது இல்லாவிட்டால் தொடங்கவே கூடாது என்பதை முதல் நிமிடத்திலேயே சேர்த்தோம். எளிதா கடினமா என்று இப்போது நானும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. எதிர் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, கரண்டே இல்லாத குழாய் வேலை, கதவுக் கீல் வேலைகளைச் செய்யச் சொல்லி, அவருக்கு எப்படி ஆகிறதோ அதைத்தான் போடுகிறோம். அவருக்கு ஒரு குழாய் வாஷர் மாற்ற ஐம்பது நிமிடம் ஆனது, இரண்டு முறை முகத்தில் தண்ணீர் வாங்கிக்கொண்டார். 'நடுத்தரம், ஒரு மணி நேரம்' என்று போட்டோம்.

பார்க்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "கேமரா வெச்சாச்சா?", "லைட் போதுமா?" அவ்வளவுதான். அண்ணி இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். முறிந்த கிளை ஒட்டவில்லை.

நாங்கள் நீக்கிய வீடியோ அதோடு ஒழியவும் இல்லை. யார் யாரோ நகல் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள். புகார் கொடுத்தேன். சில போயின, சில நின்றன, புதிதாகச் சில முளைத்தன. வாரம் ஒருமுறை தேடி, ஒவ்வொன்றின் கீழும் எழுதுகிறேன்: "இதை வெட்டியது நான். முக்கியமான எச்சரிக்கை இதில் இல்லை. மைக்ரோவேவைத் திறக்காதீர்கள். ஒருவர் இறந்துவிட்டார்."

நேற்று ஒருவர் பதில் போட்டிருந்தார். "நான் பண்ணிட்டேன், பத்தே நிமிஷம். எனக்கு ஒண்ணும் ஆகலையே!" கீழே சிரிக்கும் பொம்மை மூன்று.

அவர் உயிரோடு இருப்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவர் பதிலுக்குக் கீழே, அடுத்து வருகிறவர் படிப்பதற்காக, அதையே இன்னொரு முறை எழுதினேன்.