பானுவின் பெயரில் திறந்த கணினிகள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தனியார் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி பானுவை வெளியேற்றும் மாற்றுச் சான்றிதழ், முதல்வர் செங்கல்வராயனின் கையொப்பத்துக்காகக் காத்திருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, கணினி ஆசிரியை ஷைனி எழுதிக் கொடுத்த இணையப் பயன்பாட்டு அறிக்கை. செய்தி அறிந்ததும் ஷைனி முதல்வர் அறைக்கு ஓடிவந்தாள்.

“சார், மொத பக்கத்த மட்டும் படிச்சிட்டீங்க.”

“அதுலதாம்மா எல்லாம் கீது. சூதாட்ட சைட்டுக்கு அதிகமா போன கணக்கு, பானு. நீதான எழுதிக்கினு வந்த?”

“கணக்குன்னுதான் எழுதினேன். பானு போனான்னு எழுதல. ரெண்டாம் பக்கம் பாருங்க. ஒரே நேரத்துல அந்தக் கணக்குல லேப்ல இருக்கற அத்தன கம்ப்யூட்டரும் ஓடியிருக்கு. ஒரு பொண்ணு அத்தன சேர்ல எப்டி சார் குந்துவா?”

அந்தப் பள்ளியின் வழக்கம் அது. பாடவேளை வீணாகக் கூடாதென்று, வகுப்புத் தலைவி பானுவின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்து, எல்லாக் கணினிகளையும் அதைக் கொண்டே திறப்பார்கள். எந்தக் கணக்கு, எந்தக் கணினி, எந்தத் தளம், எப்போது என்பவற்றை இணையக் கருவி பதிந்துவைக்கும். விசைப்பலகையில் இருந்தது யாருடைய விரல் என்பதை அது அறியாது. பானு காய்ச்சலால் விடுப்பெடுத்த நாளிலும் அவள் கணக்கு சூதாடியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் இவற்றை விளக்கியபின் ஷைனி பரிந்துரைத்திருந்தாள்: ஒவ்வொரு மாணவருக்கும் தனிக்கணக்கு வேண்டும், ஒரு கணக்கு ஒரே நேரத்தில் ஒரு கணினியில் மட்டுமே திறக்க வேண்டும், சூதாட்டத் தளங்களைத் தடுக்க வேண்டும், இந்தப் பதிவுகளை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது.

முதல்வர் இரண்டாம் பக்கத்தைப் படித்தார். புரிந்துகொண்டார், அதுதான் கொடுமை.

“தாளாளரு நேத்தே பேர் கேட்டாரு, சொல்லிட்டேன். இப்ப நம்ம பழக்கந்தான் தப்புன்னு போய் நின்னா, அடுத்து யார் பேர கேப்பாரு? உன்னுதா, என்னுதா?”

முதல்வர் கையெழுத்திட்டார். வெளியே மகள் பானுவுடன் நின்ற கோபால் உள்ளே அழைக்கப்பட்டார். ஆலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

“சார், பரிச்சைக்கு பேர் குடுத்தாச்சு. எழுதிட்டு போவட்டும் சார். ஊட்ல நெட்டே கிடியாது, இவ எங்க சார் போய் சூதாடறா?”

“வேற ஸ்கூல்ல சேத்துவுடு நைனா. நல்லா படிக்கிற பொண்ணுதான்.”

தேர்வு நெருங்கும் வேளையில் வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது என்பதை அந்த அறையில் அறியாதவர் கோபால் ஒருவரே.

சான்றிதழை வாங்கிக்கொண்ட பானு, வாசலில் திரும்பி நின்றாள்.

“பாஸ்வேர்ட போர்டுல எழுத சொன்னது நீங்கதான மிஸ்? அத ஏன் மிஸ் சொல்லல?”

முதல்வர் அறிக்கையின் முதல் பக்கத்தைக் கோப்பில் வைத்து, இரண்டாவதைக் கிழித்தார்.

மறுநாள் ஆய்வகக் கரும்பலகையில் பானுவின் பெயர் அழிக்கப்பட்டிருந்தது. அதே மூலையில், புதிய வகுப்புத் தலைவன் தீனாவின் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தன. கணினிகள் அனைத்தும் திறந்திருந்தன.